"திராவகப் புகைதான் அண்ணே": கொழும்பில் ஒரு தம்பி மறைத்த இருமல்

செட்டியார் தெரு கணக்கர்

கொழும்புக்கு வேலைக்கு வந்து அறை பகிர்ந்து தங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் நகைப் பட்டறைக்குக் கும்பகோணம் பக்கமிருந்து வந்த தம்பி ஒருவரின் கதை. அவரிடம் கேட்டுக்கொண்டு, பேரை மட்டும் விட்டுவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரே அறை, நாலு பேர். இருக்கிற ஒரு சன்னலும் கொசுவுக்குப் பயந்து மூடியே கிடக்கும். ஆடியில் இருமல் பிடித்தது. யார் கேட்டாலும் "திராவகப் புகைதான் அண்ணே" என்பார். பகலில் கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வார். ராத்திரி இருமல் முட்டினால் எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்து இருமிவிட்டு வருவார். முதலாளி காதுக்குப் போனால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார் என்று பயம். தங்கச்சி கல்யாணக் கடன் பாதிதான் அடைந்திருந்தது. பாமசியில் சிரப் வாங்கிக் குடித்தார். பிறகு அதே பாமசியில் கேட்டு, ஐந்து நாள் லெவோஃப்ளோக்சசின். காய்ச்சல் இறங்கியது, இருமல் பாதியானது. பத்து நாளில் இரண்டும் திரும்பி வந்தன.

புரட்டாசியில் பற்றவைக்கும்போது விரல் வெந்துபோய், பக்கத்து கிளினிக்கில் ஒன்றுவிட்டொரு நாள் கட்டு மாற்றப் போனார். மூன்றாம் தடவை, கட்டை அவிழ்த்துக்கொண்டே நர்ஸ் சொன்னாராம்: "தம்பி, மூணு தரம் வந்தீங்க. மூணு தரமும் இதே இருமல். எத்தனை நாளா?"

"புகை மிஸ்."

"ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டுதானே? அன்றைக்கு இருமல் இல்லையா?"

தம்பி வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் அவருடைய பெல்ட்டைப் பார்த்தார். ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது. ராத்திரி சட்டை நனைகிற மாதிரி வேர்க்கிறதா என்று கேட்டார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: டீன்ஸ் வீதி, மார்பு கிளினிக், சளிப் பரிசோதனை. "நாளைக்கே போங்க. விரல் தானா ஆறிடும்."

போனார். முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. நர்ஸ் விடவில்லை. மறுபடி கொடுக்கச் சொன்னார். இரண்டாவதில் காசநோய் என்று வந்தது. ஒரே ஆள், ஒரே வாரம், இரண்டு முடிவு எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதானை லேப்காரர்

முதல் நாள் அவர் கொடுத்தது எச்சிலாக இருந்திருக்கும். வெட்கப்படுகிறவர்கள், வரிசையில் ஆள் பார்க்கிறார்களே என்று தொண்டையைச் செருமித் துப்பிவிட்டு வந்துவிடுவார்கள். நோய் நுரையீரலில் இருக்கிறது, எச்சிலில் தேடி என்ன பயன்? போதாததற்கு அந்த லெவோஃப்ளோக்சசின். அது காசக் கிருமியையும் கொஞ்சம் அடக்கும், ஆனால் தனியாக அழிக்காது. அதனால்தான் நோய் குறைந்த மாதிரி காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. இந்த இடைவெளியில் பரிசோதனையும் ஏமாற்றும். மார்பு கிளினிக்கில் "இதற்கு முன்னால் இன்ன மருந்து, இத்தனை நாள் குடித்தேன்" என்று சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

சளி எடுக்கும் முறை இது. கிளினிக்கில் ஒரு டப்பா தருவார்கள். காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். அறைக்குள் எடுக்காதீர்கள், மொட்டைமாடிக்குப் போங்கள். இரண்டு தடவை ஆழமாக மூச்சு இழுத்து, சில நொடி பிடித்து விடுங்கள். மூன்றாம் மூச்சில் அடி நெஞ்சிலிருந்து இருமுங்கள். வருவது கெட்டியாக, கொழகொழவென்று இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு போதும். நுரையும் தண்ணியுமாக இருந்தால் அது எச்சில், மறுபடி முயலுங்கள். பேரை மூடியில் எழுதாமல் டப்பாவின் உடம்பில் எழுத வேண்டும், ஏனென்றால் மூடி மாறிப்போகும். வெயில் படாமல் அன்று காலையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளவத்தை மாமா

சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்டவனுக்கு இது வராது தம்பி. தோளில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். திராவகப் புகையும் லேசுப்பட்டதில்லை, நர்ஸ் பயமுறுத்துகிறார்.

மருதானை லேப்காரர்

மாமா, அந்த ஊசி குழந்தைகளுக்கு மூளைக்கு ஏறுகிற மோசமான வகையைத்தான் நன்றாகத் தடுக்கும். வளர்ந்தவர்களின் நுரையீரலுக்கு அதை நம்ப முடியாது. புகை விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. திராவகப் புகையும் இருமல் தரும், ஆனால் பட்டறையை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் தணியும். நர்ஸ் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டது அதற்குத்தான். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காரணம் புகையாகவே இருந்தாலும் சளியைப் பார்த்துவிடுவதுதான் முறை.

தோஹா போகிறவர்

எனக்கு 2016இல் வந்து மருந்து முடித்துவிட்டேன். எக்ஸ்ரேயில் வடு இருக்கிறது. வளைகுடா மெடிக்கலில் என்ன செய்ய?

மருதானை லேப்காரர்

அது வேறு கதை அண்ணா. அங்கே பழைய வடுவுக்கும் தகுதியில்லை என்று எழுதிவிடுகிறார்கள். தனியாகக் கேளுங்கள். இங்கே இந்தத் தம்பியின் விஷயத்தை முடித்துவிடுவோம்.

செட்டியார் தெரு கணக்கர்

தம்பியின் எடை 51 கிலோ. காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை. இங்கே குளிசை என்பார்கள், அந்தச் சொல் தெரியாமல் முதல் நாள் விழித்தார். ஒரே மாத்திரைக்குள் நாலு மருந்து, அது இரண்டு மாதம். பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. பரிசோதனைக்கும் மருந்துக்கும் மார்பு கிளினிக்கில் காசு வாங்கவில்லை. மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் இரத்தம் என்று நினைத்து மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டார். நல்லவேளை, நர்ஸ் போனில் கேட்டதால் தெரிந்தது.

மருதானை லேப்காரர்

அந்த நிறம் ரிஃபாம்பிசினால் வருவது, பயமில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, அடுத்த வேளை மருந்துக்கு முன்னால் கிளினிக்குக்கு ஓடுங்கள். பெரிய ஆபத்து ஒரு மாதம் கழித்துத்தான் வரும். இருமல் போய்விடும், எடை ஏறும், சுகமாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். அடுத்த பொறி, பொங்கலுக்கு ஊருக்குப் போவது. போகிற தேதியை முன்கூட்டியே சொல்லி, இடமாற்றக் கடிதமும் வழிக்கான மருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் அந்தக் கடிதத்தைக் காட்டித் தொடரலாம். இந்தியாவுக்குள் 1800-11-6666 என்ற எண்ணில் கேட்கலாம்.

முகவரி சரியாகக் கொடுத்தாரா?

செட்டியார் தெரு கணக்கர்

அங்கேதான் சறுக்கினார். அறைக்கு யாராவது வந்துவிடுவார்களோ என்று கடை முகவரியைக் கொடுத்திருந்தார். பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கே வந்து நின்றார். முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று செய்ததுதான் முதலாளிக்குக் காட்டிக்கொடுத்தது. அறை முகவரியைக் கொடுத்திருந்தால் அறையோடு முடிந்திருக்கும்.

வெள்ளவத்தை மாமா

விசாவை ரத்து செய்துவிடுவார்களே?

செட்டியார் தெரு கணக்கர்

பி.எச்.ஐ. விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் கூடத் தூங்குகிறார்கள், சன்னல் திறக்குமா என்றுதான் கேட்டார். முதலாளி முதல் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். அதற்கப்புறமும் வேலை இருக்குமா என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை. அறையில் மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் பரிசோதித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் வரமாட்டேன் என்கிறார். அவருக்கும் இப்போது இருமல், கேட்டால் ஏ.சி. குளிராம்.