கன்கஷனுக்குக் கிரியாட்டின்: அந்த 39 குழந்தைகள் யார்?

தடகளன்: கன்கஷனில், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால், மூளைக்குச் சக்தி போதாமல் போகிறது, ஜிம்முக்குப் போகிறவர்கள் சாப்பிடும் கிரியாட்டின் பொடி அந்தச் சக்தியைக் கொடுக்கிறது. 39 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து நிரூபித்தும் விட்டார்கள். கால்பந்தில் இன்னொருவனோடு தலை மோதிய என் தம்பிக்கு தினமும் 5 கிராம் கொடுத்தேன். பத்தே நாளில் தலைவலி போய்விட்டது. ஆனால் எந்த டாக்டரும் இதைச் சொல்ல மாட்டார்.

வாசுகி: அந்த 39 பேரில் ஒருவர்கூட கன்கஷன் நோயாளி இல்லை. 2006-ல் வந்த அந்த ஆய்வைத் திறந்து பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். அவர்கள், நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று 3-லிருந்து 15 வரை மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவில் 3 முதல் 9 வரை இருந்த, 1 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள். கன்கஷன் என்றால் அந்த அளவு 13-லிருந்து 15 வரை இருக்கும். நான் பதினோரு வருடமாக நரம்பியல் ஐ.சி.யூ.வில் நர்ஸ். ஷிஃப்டுக்குப் போனதும் முதல் வேலை, டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்ப்பது. அப்புறம் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தி, கையை இழுக்கிறாரா என்று பார்ப்பது. 6 என்று குறித்துக்கொள்ளும் குழந்தை கூப்பிட்டால் திரும்பாது, பேசாது, வாயில் குழாயோடு கிடக்கும். உங்கள் தம்பி மைதானத்திலிருந்து நடந்துதானே வந்தார்?

தடகளன்: நடந்துதான் வந்தான். அதனால் என்ன? பெரிய அடிக்கே வேலை செய்யும் பொருள் சின்ன அடிக்கு இன்னும் நன்றாகத்தானே வேலை செய்யும்? அந்தக் குழந்தைகள் குணமானார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

வாசுகி: கிரியாட்டின் கொடுத்தவர்களுக்கு வாய்க்குழாயைச் சீக்கிரம் எடுக்க முடிந்தது, ஐ.சி.யூ. நாட்கள் குறைந்தன, அடிபட்ட பிறகு நினைவில் எதுவும் பதியாமல் இருந்த காலமும் குறைந்தது. பிறகு வந்த அறிக்கையில் தலைவலி, தலைசுற்றல், களைப்பு குறைந்ததாகவும் சொன்னார்கள். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு மருந்து கொடுக்கிறோம் என்பது டாக்டர்களுக்கும் வீட்டாருக்கும் தெரிந்தே நடந்த சிறிய முன்னோட்ட ஆய்வு அது. போலி மருந்து கொடுத்து ஒப்பிடவில்லை. தலைவலி இருக்கிறதா என்று கேட்கிறவருக்கே பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், கேள்வியே சாய்ந்துவிடும். இன்னொரு முறை சொல்கிறேன், அந்த 39 பேருக்கும் கன்கஷன் இல்லை.

அளவையும் பாருங்கள். அங்கே கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம், தினமும், ஆறு மாதம். 45 கிலோ பையன் என்றால் ஒரு நாளைக்கு 18 கிராம். நீங்கள் கொடுத்தது 5 கிராம், பத்து நாள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

குமரேசன்: வாசுகி மேடம் வந்துவிட்டார், இனி யாரும் பேச முடியாது. போன மாதம் மீன் எண்ணெய்ப் பேச்சிலும் இப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் "ஆய்வைத் திறந்து பார்த்தீர்களா" என்று ஒரே கேள்வி.

வாசுகி: மீன் எண்ணெய்ப் பேச்சில் நீங்கள் போட்ட படத்தை நீங்களே நீக்கியது எனக்கு நினைவிருக்கிறது.

குமரேசன்: நான் நீக்கவில்லை. அது தானாகப் போனது. இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கண்மணி: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.1 என்று வந்திருக்கிறது. அதிகம் என்கிறார்கள். இங்கே படித்தால் மூளைக்கு நல்லது என்று இருக்கிறதே, அப்படியானால் பயப்பட வேண்டாமா?

வாசுகி: அம்மா, இரண்டும் வேறு. கிரியாட்டின் தசையிலும் மூளையிலும் இருப்பது. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வரும் கழிவுதான் கிரியாட்டினின், சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. 2.1 என்றால் சிறுநீரகத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பேச்சை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். அப்பாவுக்கு இந்தப் பொடியை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

தடகளன்: பார்த்தீர்களா, பயமுறுத்தல் ஆரம்பம். கிரியாட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு கிரியாட்டினின் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், சிறுநீரகம் நன்றாகவே இருக்கும். ஜிம்முக்குப் போகும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வாசுகி: நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு நீங்கள் சொல்வது சரி. அந்த அம்மாவின் அப்பா ஜிம்முக்குப் போகிறவரா?

ஸ்கேன்காரன்: நான் எம்.ஆர்.ஐ. ஓட்டுகிறவன், ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். "கிரியாட்டின் சக்தியைக் கொடுக்கிறது" என்பதே பாதிதான் உண்மை. மோட்டார் தண்ணீர் இறைக்கிறது, மேல்தொட்டி சேர்த்து வைக்கிறது. செல்லுக்குள் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா மோட்டார், பாஸ்பேட் ஏறிய கிரியாட்டினான பாஸ்போகிரியாட்டின் தொட்டி. செல் செலவழிக்கும் சக்திப் பொருளான ஏ.டி.பி. செலவானதும் தொட்டியிலிருந்து நொடியில் பாஸ்பேட்டை எடுத்து ஏ.டி.பி.யை மறுபடி நிரப்புகிறது, அவ்வளவுதான். தலையில் அடிபட்டதும் நரம்பணுவிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சரிசெய்ய நரம்பணுவின் பம்புகள் மூச்சுவிடாமல் ஓடி ஏ.டி.பி.யைக் கரைக்கின்றன. அதே நேரத்தில் ரத்த ஓட்டமும் குறையலாம், உள்ளே போன கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவையும் முடக்குகிறது. மோட்டார் தடுமாறும்போது தொட்டி பெரிதாக இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அந்த எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் அடிபட்ட பிறகு தொட்டி கட்ட ஆரம்பித்தால் நேரத்துக்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

வாசுகி: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தொட்டி நிரம்பவே நாளாகும். 1999-ல் ஆரோக்கியமான ஆறு பேருக்கு தினமும் 20 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்து அளந்தார்கள். மூளையில் கிரியாட்டின் சராசரியாக 8.7 சதவீதம்தான் கூடியது. தசை அப்படியில்லை, இதே 20 கிராமில் ஐந்தாறு நாளிலேயே நிறைந்துவிடும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் கிரியாட்டினைக் கொண்டுபோகும் வாசல் குறுகலானது, தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை மூளை தானே செய்துகொள்கிறது. நான்கு வாரம் 20 கிராமுக்கே இவ்வளவுதான் என்றால், பத்து நாள் 5 கிராமில் உங்கள் தம்பியின் மூளைக்குள் என்ன போயிருக்கும்? பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு கன்கஷன் தலைவலி இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

தடகளன்: 8.7 சதவீதம் ஆரோக்கியமான மூளையில். அடிபட்ட மூளையில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு கசிய ஆரம்பிக்கும், அது உங்களுக்கே தெரியும். அப்போது கூடுதலாக உள்ளே போகும்.

வாசுகி: கசியலாம். கசிகிற இடத்தில் கிரியாட்டின் நரம்பணுவுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது என்று மனிதரிடம் அளந்து காட்டியது எங்கே? அதைக் கொண்டு வாருங்கள், பேசலாம்.

தடகளன்: எலியில் காட்டியிருக்கிறார்கள். 2000-ல் வந்த ஆய்வு. மூளைப் புறணியில் சேதம் எலிகளில் 50 சதவீதமும் சுண்டெலிகளில் 36 சதவீதமும் குறைந்தது.

வாசுகி: அடிபடுவதற்கு முன்னாலேயே கொடுத்து வைத்த எலிகள் அவை. எலிகளுக்கு நான்கு வாரம் தீனியில் கலந்து கொடுத்துவிட்டுத்தான் தலையில் அடித்தார்கள். முன்னால். நீங்கள் தம்பிக்குக் கொடுத்தது பின்னால்.

தடகளன்: அப்படியானால் சீசன் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர்கள் சாப்பிட ஆரம்பிக்கட்டும் என்கிறேன். இதற்கு என்ன பதில்?

வாசுகி: அது வேறு பேச்சு. முதலில் அந்த 39 பேருக்கு வாருங்கள்.

குமரேசன்: நல்ல கேள்வி கேட்டதும் 39-க்கு ஓடிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசுகி: ஓடவில்லை. முன்கூட்டிச் சாப்பிட்டால் காப்பாற்றலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்டக்காரர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அது. கேட்க நன்றாக இருப்பது மட்டும் போதாது. பார்க்கின்சனிலும் மூளையின் சக்தித் தொழிற்சாலை கெட்டிருக்கிறது, விலங்குகளில் கிரியாட்டின் உதவியது. பிறகு 1,741 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப்பேருக்கு தினமும் 10 கிராம் வருடக்கணக்கில் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயனில்லை என்று தெரிந்து 2013-ல் நிறுத்தினார்கள். அந்த ஆய்வு தொடங்கியபோதும் உங்களைப் போல நம்பியவர்கள் இருந்தார்கள்.

தடகளன்: பார்க்கின்சன் வருடக்கணக்கில் மெல்ல அழிக்கும் நோய். கன்கஷன் ஒரே நாளில் வருவது. ஒன்று நீங்கள் குழந்தைகளை ஒப்பிடக் கூடாது என்கிறீர்கள், அப்புறம் நீங்களே முதியவர்களை ஒப்பிடுகிறீர்கள்.

கண்மணி: நாங்கள் சைவம். சைவக்காரர்கள் மூளையில் இது குறைவாக இருக்குமா? அப்பாவுக்கு அதனால்தான் மறதி வருகிறதா?

ஸ்கேன்காரன்: இல்லை அம்மா. சைவக்காரர்களுக்கு தசையில் குறைவாக இருக்கும். மூளையில் அளந்து பார்த்தபோது இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தடகளன் சாருக்கு இன்னொரு விஷயம். எங்கள் திரையில் மூளை ஒரு கோட்டுப்படமாக வரும். 2.0 என்ற இடத்தில், நரம்பணுக்களில் இருக்கும் என்.ஏ.ஏ. என்ற பொருளின் உயரமான முகடு, 3.0-ல் கிரியாட்டின் முகடு. காலியான கிரியாட்டினும் பாஸ்பேட் ஏறிய கிரியாட்டினும் அந்த ஒரே முகட்டில்தான் விழும், வழக்கமான ஸ்கேனில் பிரிக்க முடியாது. ஆக 8.7 சதவீதம் கூடியது என்றால் தொட்டி பெரிதானது தெரியும், தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது. கன்கஷன் வந்த ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து ஸ்கேன் செய்தபோது, தலைவலி போன பிறகும் என்.ஏ.ஏ. இறங்கியே இருந்தது, ஏறக்குறைய முப்பது நாளில்தான் பழைய அளவுக்கு வந்தது. அங்கே பார்ப்பது என்.ஏ.ஏ.வை கிரியாட்டினால் வகுத்த எண். ஒருவர் கிரியாட்டினை அள்ளிச் சாப்பிட்டால் கீழே உள்ள எண் பெரிதாகும், மூளை சரியாகியிருந்தாலும் கணக்கு குறைவாகக் காட்டும்.

தடகளன்: அதாவது உங்கள் கருவியால் எதையும் நிரூபிக்க முடியாது. அப்புறம் என் தம்பியின் அனுபவத்தை மட்டும் எப்படி மறுக்கிறீர்கள்?

வாசுகி: தலைவலி போவதும் மூளை தேறுவதும் ஒன்றல்ல என்று அவர் இப்போதுதான் எழுதினார். உங்கள் தம்பி பத்தாம் நாள் என்ன செய்தார்? மறுபடி ஆடப் போனாரா?

தடகளன்: பன்னிரண்டாம் நாள் போனான். நன்றாகத்தான் ஆடினான்.

வாசுகி: படிப்படியாக ஏற்றினீர்களா? முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு லேசான நடை, ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, டாக்டர் பார்த்த பிறகு ஆட்டம் என்று? பொடி வேலை செய்துவிட்டது என்று நம்பி நேராக இறக்கிவிட்டீர்களா? என் கோபமே அங்கேதான். முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும் தலைவலி கூடிக்கொண்டே போனாலும் பொடியைத் தேடாமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.

தடகளன்: என் தம்பியை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொல்லித் தர வேண்டாம். அந்த 39 குழந்தைகள் குணமானார்கள். அது எழுத்தில் இருக்கிறது.

வாசுகி: அந்த 39 பேருக்குக் கன்கஷன் இல்லை. அதுவும் எழுத்தில்தான் இருக்கிறது.

குமரேசன்: அந்த மீன் எண்ணெய்ப் படம் தானாகத்தான் போனது. வேண்டுமானால் நிர்வாகியைக் கேளுங்கள்.