பங்குச் சாமியாருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி இடிக்கிறது

கத்தோலிக்க யூடியூப் சேனல் ஒன்றுக்கு நான் எடிட்டர், ஊர் தூத்துக்குடி. டிசம்பர் 8 திருவிழா வீடியோவில் 'அமலோற்பவம்' என்றால் இயேசு கருவான விதம் என்று சொல்லிவிட்டோம். உண்மையில் அது மரியாள் ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்ததைக் குறிப்பது. கோயிலில் ஒரு பாட்டிதான் பிடித்தார்!

அதனால் மாதம் 4 ஸ்கிரிப்ட்டைப் பார்த்துத் தரச் சொல்லி பங்குச் சாமியாருக்கு ஜனவரியில் கடிதம் கொடுத்தேன். 'திருச்சபை ஒப்புதல் வேண்டி' என்றிருந்ததைப் பார்த்து, "அது ஆயர் கொடுப்பது, நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்று திருப்பிவிட்டார். சரி என்று 'ஆசி' என மாற்றினேன். மழுப்பலாக இருக்கிறது. அப்புறம் 5ஆம் தேதி கொடுத்து 15க்குள் வாங்கிக்கொள்வோம், அவர் பெயரை வீடியோவில் போடமாட்டோம் என்றும் சேர்த்தாயிற்று.

கேட்பது ஒப்புதல் இல்லை, போதனைப் பிழையைக் குறித்துத் தருவது மட்டும்தான் என்பதை மரியாதை குறையாமல் எப்படி எழுதுவது?