Bcc-யில் எனக்கும் ஒரு பிரதி வந்திருக்கிறது: அனுப்பினவரைக் காட்டிக் கொடுக்காமல் என்ன செய்வது?

கொட்டகலைத் தம்பி
தொழிற்சங்கக் காரியாலயம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு தோட்ட ஆபீஸ் கிளாக்கர் அம்மா, மூன்று தொழிலாளர்களுக்குச் சில மாத ஈ.பி.எப். கட்டப்படவில்லை என்று பெரிய துரைக்கு ஈமெயில் எழுதியிருக்கிறார். To-வில் துரை, Cc-யில் கொழும்புத் தலைமை ஆபீஸ், அவர்களுக்குத் தெரியாமல் Bcc-யில் நான். அந்த மூன்று பேருக்கும் உதவ வேண்டும், கிளாக்கர் அம்மா மாட்டவும் கூடாது. எப்படிப் பதில் போடுவது?

மேல்கணக்கு
இதில் யோசிக்க ஒன்றுமில்லை தம்பி. Reply all அழுத்தாமல் Reply மட்டும் அழுத்துங்க. அந்த அம்மாவுக்கு மட்டும்தான் போகும். பயமாக இருந்தால் ஜிமெயில் செட்டிங்கில் Undo Send நேரத்தை 30 விநாடியாக்கி வையுங்க, கை தவறினாலும் திருப்பி எடுக்கலாம்.

மஸ்கெலியா அக்கா
மேல்கணக்கு அண்ணன் சொன்னதில் பாதி சரி. Reply all அழுத்தினால் எழுதினவர், To, Cc எல்லோருக்கும் போகும், துரையின் பெட்டியில் உங்கள் பெயர் நிற்கும். Reply அழுத்தினால் அன்றைக்குத் தப்பலாம். ஆனால் உங்கள் பதில் அந்த அம்மாவின் பெட்டியில் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்க. தலைப்பு ஒன்றாக இருப்பதால் துரைக்கு எழுதின கடிதம், துரையின் பதில், உங்கள் பதில் எல்லாம் ஒரே உரையாடலாகக் கோத்துக் கிடக்கும். நாலு நாள் கழித்து கொழும்பிலிருந்து "நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் அனுப்புங்க" என்று கேட்பார்கள். அவர் கணினியில் Forward all அழுத்துவார். உங்கள் பதிலும் சேர்ந்து போய்விடும். தப்பு செய்தது அவர் கை, ஆனால் அந்தத் தப்புக்கு இடம் வைத்தது உங்கள் Reply. அதற்குள் Undo Send-இன் 30 விநாடி எப்போதோ முடிந்திருக்கும்.

அதனால் அந்தக் கடிதத்துக்குப் பதிலே போடாதீங்க. முதலில் போன் பண்ணுங்க. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் புதுக் கடிதம், புதுத் தலைப்பு, அவருடைய சொந்த முகவரிக்கு. தலைப்பில் ஈ.பி.எப். என்ற சொல் வேண்டாம். அவர் எழுதினதில் ஒரு வரியைக்கூட வெட்டி ஒட்ட வேண்டாம்.

மேல்கணக்கு
Forward all பற்றி நீங்க சொன்னது சரிதான் அக்கா, அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் சொந்த முகவரி நமக்குத் தெரியாவிட்டால்?

மஸ்கெலியா அக்கா
அப்போது போன் மட்டும்தான். போனும் தெரியாவிட்டால் அவராகப் பேசும்வரைக்கும் பொறுக்க வேண்டும். ஆபீஸ் முகவரிக்கு நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் ஆபீஸின் சொத்து.

பதுளை வாத்தியார்
இதில் இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு நான் எல்லோரையும் Bcc-யில் போட்டுத்தான் அனுப்புவேன், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. ஒரு தகப்பன் Reply all போட்டார், எனக்கு மட்டும்தான் வந்தது. ஒன்றும் நடக்கவில்லையே?

மஸ்கெலியா அக்கா
சேர், உங்கள் கடிதத்தில் To-வில் நீங்களே இருந்திருப்பீங்க. Reply all ஒரு Bcc-காரரிடமிருந்து இன்னொரு Bcc-காரருக்குப் போகாது, அதனால்தான் தப்பியது. இங்கே To-வில் துரை. உங்கள் Bcc கூட்டத்தின் முகவரிகளைக் காப்பாற்ற. இது, கடிதம் இன்னொருவர் கையிலும் இருக்கிறது என்பதையே மறைக்க. பட்டன் ஒன்று, வேலை வேறு.

பண்டாரவளை ராஜா
எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. சங்கம் ஒளிந்து நின்று கடிதம் படிக்கலாமா? நாளைக்கு இது வெளியில் வந்தால் பேச்சுவார்த்தை மேசையில் துரைமார் நம்மை எப்படி நம்புவார்கள்? தம்பி அந்த அம்மாவிடம் நேரே சொல்லட்டும்: எங்களைச் சேர்க்க வேண்டும் என்றால் Cc-யில் போட்டுத் திரும்ப அனுப்புங்க, இல்லாவிட்டால் இந்தக் கடிதம் எங்களுக்கு வரவில்லை என்றே வைத்துக்கொள்கிறோம்.

மஸ்கெலியா அக்கா
ராஜா அண்ணன், சங்கத்தின் பெயர் கெடக்கூடாது என்ற உங்கள் கவலை நியாயம். ஆனால் Bcc-யா Cc-யா என்பதைத் தீர்மானித்தது அவர். துரைக்குக் கீழே, அதே ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் அவர். தன் ஆபத்தை அளந்துதான் நம் பெயரை மறைத்திருக்கிறார். Cc-யில் போட்டுத் திரும்ப அனுப்பச் சொன்னால் அந்த ஆபத்தை நாம் அவர் தலையில் ஏற்றுகிறோம். சங்கம் ஒளிய வேண்டியதில்லை. வெளிப்படையாகவே நிற்கலாம், ஆனால் இந்தக் கடிதத்தின் மேல் நிற்கக் கூடாது. தொழிலாளியின் சொந்தக் கோரிக்கையின் மேல் நிற்க வேண்டும்.

தம்பி, உண்மையான ஆபத்து பட்டனில் இல்லை, விஷயத்தில்தான் இருக்கிறது. ஒரு உதாரணத்துக்கு, கடிதம் ஜூன் நடுவில் வந்தது, அதில் பிப்ரவரி, மார்ச், மே மூன்று மாதமும் கட்டவில்லை என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. நீங்க அதைப் பார்த்து சங்கத்தின் பெயரில் துரைக்கு "பிப்ரவரி, மார்ச், மே" என்று எழுதினால் என்ன ஆகும்? ஒரு மாதத்துக் காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டினால் போதும். மே மாதக் காசுக்கு ஜூன் கடைசி வரைக்கும் தவணை இருக்கிறது. ஜூன் நடுவில் மே மாதத்தைப் பற்றிப் பேச ஆபீஸ் கணக்கைப் பார்த்த ஒருவரால்தான் முடியும். துரை அந்த ஒரு சொல்லை வைத்தே ஆபீஸுக்குள் தேடத் தொடங்குவார். அதோடு உங்கள் முறைப்பாட்டில் ஒரு மாதம் இன்னும் பிந்தவே இல்லை என்பதால் முழுக் கடிதத்தையும் தள்ளிவிடவும் முடியும்.

பெயரும் அப்படித்தான். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு எழுத்தில் இருக்கும், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்தில் இருக்கும். கிளாக்கர் அம்மா செக்ரோலில் உள்ளபடி எழுதியிருப்பார். நீங்களும் அதே எழுத்தில் எழுதினால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரிந்துவிடும். அடையாள அட்டையைக் கையில் வாங்கி, அதைப் பார்த்து எழுதுங்க.

வழி இதுதான். வழக்கமாகப் போகும் நாளில் அந்தப் பிரிவுக்குப் போங்க. அந்த மூன்று பேரிடம் மட்டும் கேட்காதீங்க, லயத்தில் இருக்கிற மற்றவர்களிடமும் ஈ.பி.எப். நிலுவையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க. ஒவ்வொருவரும் அடையாள அட்டை, அங்கத்தவர் இலக்கம், தோட்டத்தின் தொழில்தருநர் இலக்கம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்தில் தன் கணக்கைத் தானே கேட்கட்டும். அதில் இல்லாத மாதங்களை மட்டும் வைத்து, தொழிலாளி கையெழுத்திட்ட கோரிக்கையின் பேரில் சங்கம் துரைக்கு எழுதலாம். தொழிலாளியின் 8, தோட்டத்தின் 12 என்று நூற்றுக்கு 20 வீதம் வர வேண்டிய காசு அது, கேட்க அவருக்கே உரிமை இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் எந்த ஒருவரின் வாயும் கிளாக்கர் மேசையைக் காட்டாது.

மேல்கணக்கு
இதற்கெல்லாம் வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் அந்த மூன்று பேரில் ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால்?

மஸ்கெலியா அக்கா
ஓய்வு பெற்றாலும் கட்டாத மாதங்களைக் கேட்கும் உரிமை போகாது. பிந்தின காசுக்கு மேலதிகக் கட்டணம் தோட்டத்தின் மேல்தான் விழும். கைக்கு வருவது தாமதமாகும், அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தாமதமா, ஒருவரின் வேலையா என்று எடைபோட வேண்டி வந்தால், அந்த அம்மாவைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கொட்டகலைத் தம்பி
அக்கா, கடிதத்தில் ஒரு Google Sheet இணைப்பும் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. பெரியவர்களுக்குக் காட்ட அந்த ஈமெயிலை பிரிண்ட் எடுக்கலாமா?

மஸ்கெலியா அக்கா
திறக்காதது நல்லது. அந்த Sheet உங்களுக்குப் பகிரப்படாமல் இருந்தால் Request access என்று வரும். அதை அழுத்தினால் உங்கள் முகவரியோடு அதன் சொந்தக்காரருக்கு ஒரு மெயில் போகும். அதை உருவாக்கினது கிளாக்கர் அம்மாவா, துரையின் ஆபீஸ் கணக்கா என்று நமக்குத் தெரியாது. எண்களைப் போனில் கேட்டுக்கொள்ளுங்க.

பிரிண்ட் வேண்டாம். ஜிமெயிலில் பிரிண்ட் எடுத்தால் தாளின் மேலே உங்கள் பெயரும் முகவரியும் வரும், கீழே கடிதம் முழுக்க இருக்கும். அப்படி ஒரு தாள் கோப்பில் ஏறினால் யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. ஸ்க்ரீன்ஷொட்டும் அப்படித்தான், உங்களுக்கு Bcc-யில் வந்தது என்பதையும் காட்டிவிடலாம். பெரியவர்களிடம் வாயால் சொல்லுங்க.

பண்டாரவளை ராஜா
நீங்க சொல்கிற வழி தொழிலாளிக்கு நல்லதுதான், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்க. துரை நேருக்கு நேர் "அந்தக் கடிதம் உங்களுக்கும் வந்ததா?" என்று கேட்டால் தம்பி என்ன சொல்வது? இல்லை என்று பொய் சொல்வதை நான் ஒப்பமாட்டேன்.

மஸ்கெலியா அக்கா
பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். "தோட்டத்து ஊழியர் யார் யாருக்கு எழுதினார் என்பதைப் பற்றி நான் பேசுவதில்லை, தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லலாம். எந்தக் கடிதத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் இதே பதிலைச் சொல்கிற பழக்கம் இருந்தால்தான் அது ஒப்புக்கொண்டதாக ஆகாது.

பண்டாரவளை ராஜா
கெட்டிக்காரத் துரைக்கு அதுவே போதும் அக்கா. ஒன்றும் வராதவன் வரவில்லை என்றுதான் சொல்வான்.

மேல்கணக்கு
அதில் நான் ராஜா பக்கம். தம்பி அந்த மேசைக்கே போகாமல் வேறு ஒருவரை அனுப்புவது நல்லது. கடிதத்தைப் பார்க்காதவர் போனால் உண்மையாகவே இல்லை என்று சொல்லலாம்.

மஸ்கெலியா அக்கா
அது என் பதிலைவிட நல்ல வழி. போகிறவரிடம் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், தொழிலாளர்களின் கோரிக்கைகளை மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

கொட்டகலைத் தம்பி
நன்றி. போனில் அவரிடம் என்ன என்ன கேட்கட்டும்?

மஸ்கெலியா அக்கா
இந்த விஷயத்தை நாம் எடுக்கலாமா, எடுத்தால் எப்போது, வேறு யாருக்காவது Bcc போட்டிருக்கிறாரா என்று கேளுங்க. வேறு ஒருவரும் இருந்தால் அவர் வாயை நாம் காக்க முடியாது.

அவரிடம் சொல்லவும் ஒன்று இருக்கிறது. அவர் ஆபீஸ் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால், அவருடைய Sent பெட்டியில் உள்ள பிரதியில் Bcc முகவரி அப்படியே தெரியும். அவர் கணினியில் இன்னொருவர் உட்கார்ந்தாலே போதும். அதோடு கொழும்பில் ஈமெயிலைப் பராமரிக்கிறவரால் எந்தக் கடிதம் எந்த முகவரிகளுக்குப் போனது என்று பதிவைத் தேடிப் பார்க்க முடியும். Bcc மறைப்பது மற்றப் பெறுநர்களிடமிருந்து மட்டும். இனிமேல் எதுவும் தெரிவிக்க வேண்டும் என்றால் Bcc வேண்டாம், சொந்தப் போனில் பேசச் சொல்லுங்க.

மேல்கணக்கு
Sent-இல் உள்ளதை அழித்துவிடச் சொல்லலாமா?

மஸ்கெலியா அக்கா
வேண்டாம் அண்ணன். துரைக்கு அறிவித்தேன் என்பதற்கு அவரிடம் இருக்கிற சாட்சியே அந்தக் கடிதம்தான். நாளைக்கு இந்தக் காசு விஷயத்தில் பழி அவர் மேலேயே வந்தால் அதைக் காட்ட வேண்டி வரும். அழித்தாலும் கொழும்புப் பதிவு அழியாது.

பண்டாரவளை ராஜா
அப்படியென்றால் அனுப்பின நாளிலேயே அவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

மஸ்கெலியா அக்கா
யாராவது தேடினால்தான். தேட வைக்கிற மாதிரி நாம் எதையும் எழுதாமல் இருக்கலாம், அதற்கு மேல் நம் கையில் இல்லை.