சிவப்பு விளக்கில் தெரியாமல் போன கறை

அம்மாப்பேட்டையிலிருந்து, குழந்தைக்கு 5 வாரம்:

இரவுப் பாலூட்டலுக்குச் சிவப்பு விளக்கு ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தொட்டிலுக்குப் பின்னால், தரையை ஒட்டியுள்ள பிளக்கில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றைச் செருகியிருக்கிறோம். டியூப்லைட்டைப் போட்ட நாள்களில் முக்கால் மணி நேரம் கண்ணை உருட்டிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது அரைத்தூக்கத்திலேயே குடித்துவிட்டு அப்படியே படுத்துக்கொள்கிறாள். எனக்கு உறுத்துவது வேறொன்று. போன செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்குப் பால் குடித்ததும் கொஞ்சம் கக்கினாள். வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் ஈரம் தெரிந்ததே தவிர நிறம் எதுவும் தெரியவில்லை. காலையில் அதே துணியைத் துவைக்க எடுத்தபோது, நடுவில் துருப்பிடித்தாற்போல் ஒரு கறை இருந்தது. இரத்தம்! கை நடுங்கிப் போனது. காட்டிய மருத்துவர் குழந்தையையும் என்னையும் பார்த்துவிட்டு, என் முலைக்காம்பில் வெடிப்பு இருப்பதாகவும், அங்கே கசிந்த இரத்தத்தைத்தான் குழந்தை விழுங்கிக் கக்கியிருக்கிறாள் என்றும் சொன்னார். ஆனாலும் கையில் பிடித்திருந்த துணியில் அது எப்படிக் கண்ணுக்குப் படாமல் போனது என்பது இன்னும் என்னை விடவில்லை.

சூரமங்கலத்திலிருந்து ஒரு தந்தை:

விளக்கு மங்கலாக இருந்ததுதான் காரணம், சகோதரி. நிறம் சிவப்பாக இருந்தால் போதும், வெளிச்சம் எவ்வளவு கூடினாலும் தூக்கம் கெடாது. ரிமோட்டில் நிறம் மாற்றும் பல்பைக் கூரையில் மாட்டி, சிவப்பில் முழு வெளிச்சமாக வைத்திருக்கிறேன். எங்கள் பையன் எழுந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான், ஆனால் அழுவதில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து, பிரசவ வார்டில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த செவிலியர்:

தம்பி, பையன் எழுந்து விளக்கைப் பார்க்கிறான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நீல ஒளிதான் 'இது பகல்' என்ற சேதியை மூளைக்கு மிகுதியாகக் கொண்டுபோகிறது. சிவப்பில் அது மிகவும் குறைவு. அதற்காக, கண்ணுக்கு நேராக முழு வெளிச்சத்தில் எரியும் சிவப்பு பல்பு குழந்தையை எழுப்பாது என்று ஆகாது. மல்லாந்து படுக்கிற குழந்தைக்குக் கூரை விளக்குதான் நேர் எதிரே இருக்கிறது. அம்மாப்பேட்டைத் தங்கை வைத்திருக்கும் இடமே சரி.

ஆனால் கறை தெரியாமல் போனதற்கு மங்கல் மட்டும் காரணமில்லை, அம்மா. சிவப்பு ஒளி மட்டும் விழும் இடத்தில் வெள்ளைத் துணியும் சிவப்பாகத்தான் தெரியும், இரத்தமும் சிவப்பாகத்தான் தெரியும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு காட்ட அந்த ஒளியில் வேறு நிறமே கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் கறை அவ்வளவாக எடுபடாது. தொடை இடுக்கில் சிவந்திருப்பதும், மலத்தில் இரத்தம் கலந்திருப்பதும் அப்படியே மறையும். முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டிய மஞ்சள் காமாலையையும் உதடு நீலம் பாய்வதையும் இந்த விளக்கில் பார்த்து ஒரு முடிவுக்கு வரவே கூடாது. எனவே குடிக்கும்வரை சிவப்பு இருக்கட்டும். குழந்தை கக்கினாலோ, உடம்பு வேறு மாதிரி இருப்பதாகத் தோன்றினாலோ, தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று வெள்ளை விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வெள்ளை பல்பின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுகிறவர்கள், நீலம் கசிகிறதா என்று பார்க்கப் பழைய சி.டி. ஒன்றின் பின்புறத்தில் அந்த வெளிச்சத்தை விழச் செய்யுங்கள். வானவில்லில் பச்சையும் நீலமும் தெரிந்தால் தாள் சரியாக வடிகட்டவில்லை. பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு பெயருக்குத்தான் ஜீரோ, நன்றாகச் சுடும். அதன்மேல் தாளையோ துணியையோ சுற்றவே வேண்டாம்.

ஏற்காடு, நாகலூர்ப் பக்கத்திலிருந்து:

எங்கள் பேத்தி பிறந்தபோது மழையில் அடிக்கடி மின்சாரம் போகும். சிம்னி விளக்கின் மஞ்சள் வெளிச்சத்திலேயே என் மகள் பால் கொடுத்தாள், பிள்ளையும் விழித்ததில்லை. குளிருக்குக் கதவைச் சாத்திய அறையில் புகை சேர்ந்து எல்லாருக்கும் இருமல் வந்ததால்தான் அதை விட்டோம். மருமகன் வாங்கி வந்த பேட்டரி விளக்கு, ஆரஞ்சு கலந்த மஞ்சளான ஆம்பர் நிறம். அதில் மலத்தின் நிறம் ஓரளவு பிடிபடுகிறது. ஆகவே சிவப்பைவிட அதுதான் மேல் என்பேன். அதுசரி, காமாலைக்குக் குழந்தையை விளக்கடியில் வைக்கிறார்களே, அதற்கு இந்தச் சிவப்பு விளக்கு ஆகாதா?

அஸ்தம்பட்டிச் செவிலியர்:

ஆகாது, அம்மா. அங்கே வைப்பது நீல ஒளி, அதுவும் மருத்துவமனையில் கண்ணைக் கட்டி வைப்பது. ஆம்பரில் இரத்தம் கருத்துத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் எல்லாக் குழந்தையின் தோலும் மஞ்சளாகத்தான் தெரியும்.

அம்மாப்பேட்டையிலிருந்து, மீண்டும்:

நேற்று இரவு அதே கறைத் துணியைச் சிவப்பு விளக்கின் கீழ் விரித்துப் பார்த்தேன், அக்கா. பழைய கறை என்பதால் இலேசான நிழல்போல் தெரிந்தது. ஈரமாக இருந்த அன்று அதுகூடத் தெரியவில்லை. இப்போது தலைமாட்டில் சின்ன டார்ச் ஒன்று வைத்துக்கொண்டு, துடைத்த துணியைக் குழந்தைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று பார்க்கிறேன். நேற்று இரண்டு முறை பார்த்தேன். ஒரு முறை விழித்துவிட்டாள், அது டார்ச்சினாலா நான் எழுந்து நடந்ததாலா என்று சொல்லத் தெரியவில்லை.