‘சேதாரம் 3% முதல்’: நேர்மையா, ஏமாற்றா?

வைகைக்கரை:
மதுரை ரிங் ரோட்டில் ஒரு நகைக்கடை விளம்பரப் பலகை, நேற்று எடுத்த படம். கடைப் பெயரை மறைத்துவிட்டேன். கருஞ்சிவப்புப் பின்னணியில் கழுத்து நிறைய நகையோடு கல்யாணப் பெண், பின்னால் கண் கலங்கி நிற்கும் அப்பா. மேலே ‘மகளுக்குக் குறை வைக்காதீர்கள்’. கீழே ‘சேதாரம் 3% முதல்*’. சதவீதத்தையே வெளிப்படையாகப் போட்டுவிட்டார்கள், இதைவிட நேர்மையான விளம்பரம் இல்லை என்கிறார் என் மைத்துனர். சரிதானா?

ஃபிளெக்ஸ் பட்டறை:
உங்கள் மைத்துனரை ‘முதல்’ என்ற சொல்லை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பதினெட்டு வருஷமாகப் பலகை அடிக்கும் தொழிலில் இருக்கிறேன். எழுத்து ஒரு அங்குல உயரம் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சுலபமாகப் படிக்கலாம் என்பது எங்கள் கணக்கு. படத்தில் ‘3%’ ஆள் உயரம், ஐந்தடி இருக்கும். அறுநூறு அடிக்கு முன்பே கண்ணில் படும். ‘முதல்’ அதில் கால்வாசிதான், நூற்றைம்பது அடி வந்தால்தான் தெரியும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போனால் ‘3%’ பதினோரு விநாடி தெரிகிறது, ‘முதல்’ மூன்று விநாடிகூட இல்லை. அதற்கும் மங்கலான பழுப்பு நிறம். கருஞ்சிவப்பில் பழுப்பு அமுங்கிவிடும். தெரியாமல் செய்த வேலை இல்லை இது.

நகைக்கடை மருமகன்:
எழுதியிருக்கிறதா இல்லையா? இருக்கிறது. படிக்காதது யார் தப்பு அண்ணே? மெஷின் செயினுக்குச் சேதாரம் குறைவு, கைவேலை நகைக்கு அதிகம். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போட முடியாது, அதனால்தான் ‘முதல்’. ஃபிளெக்ஸ் அடிக்கிறவருக்கு நகை வியாபாரம் எங்கே புரியப்போகிறது!

பச்சைமிளகாய்:
எழுத்தை விடுங்கள், நிறம்தான் வேலை செய்கிறது. சிவப்பைப் பார்த்தாலே ரத்தம் சூடேறி உடனே வாங்கத் தோன்றும்.

ஃபிளெக்ஸ் பட்டறை:
ரத்தமும் சூடேறாது, ஒன்றும் ஏறாது தம்பி. கருஞ்சிவப்பில்தான் தங்கம் எடுப்பாகத் தெரியும். முகூர்த்தப் பட்டும் அந்த நிறம், நகைப்பெட்டிக்குள் ஒட்டும் துணியும் அந்த நிறம். அவ்வளவுதான்.

மருமகனே, மெஷின் செயினுக்குத்தான் 3% என்றால் அந்தப் பெண் கழுத்தில் மெஷின் செயினைப் போட்டிருக்கலாமே! கல் பதித்த கைவேலை ஆரத்தை எதற்குப் போட்டார்கள்? ஐந்து பவுன், அதாவது 40 கிராம் ஆரம் என்று வையுங்கள். 3% என்றால் 1.2 கிராம் சேதாரம். 18% என்றால் 7.2 கிராம். நடுவில் ஆறு கிராம், முக்கால் பவுன். ஆரத்தைக் காட்டிச் செயினின் கணக்கைச் சொல்கிறது அந்த ‘முதல்’.

நகைக்கடை மருமகன்:
18% என்று யார் சொன்னது? அந்தக் கடையில் விசாரித்தீர்களா? போட்டோவைத் தராசில் வைத்தீர்களா? ‘முதல்’ என்றால் ‘முதல்’தான். தமிழ் தெரிந்தவனுக்குப் புரியும்.

தேன்மொழி:
தங்கை கல்யாணத்துக்கு இப்படி ஒரு பலகையைப் பார்த்துத்தான் போனோம். ஆரத்தில் இருந்த கல்லுக்கும் தங்க விலையே போட்டுவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க முடியுமா அண்ணா?

ஃபிளெக்ஸ் பட்டறை:
பில்லில் மொத்த எடையும் கல் கழித்த நிகர எடையும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள் தங்கச்சி. உங்கள் அப்பாவும் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டார், இல்லையா? ‘குறை வைக்காதீர்கள்’ என்ற வரி அதற்குத்தான். படத்தில் அம்மா இல்லை, பார்த்தீர்களா? அம்மா இருந்தால் சேதாரத்தைப் பேரம் பேசுவார். மகள் முன்னால் சேதாரத்தைப் பற்றிக் கேட்க அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

நகைக்கடை மருமகன்:
அம்மா இல்லாததும் சதியா? போன வருஷம் ஜவுளிக்கடைக்கு ‘50% வரை’ என்று பலகை அடித்தது நீங்கள்தானே? அந்த ‘வரை’ எத்தனை அங்குலம்?

ஃபிளெக்ஸ் பட்டறை:
கடைக்காரர் கேட்ட அளவில் அடித்தேன். அதனால்தான் எனக்குத் தெரிகிறது. பேச்சை மாற்றாதீர்கள்.

வாதி பிரதிவாதி:
நட்சத்திரத்தைக் கவனிக்க மாட்டீர்களா? வாசகம் தமிழில், அடியில் நிபந்தனை ஆங்கிலத்தில். 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, வாசகம் எந்த மொழியிலோ அந்த மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். புகார் கொடுக்கலாம்.

நகைக்கடை மருமகன்:
கொடுங்களேன். ‘முதல்’ தமிழில்தானே இருக்கிறது?

ஃபிளெக்ஸ் பட்டறை:
தமிழில் இருக்கிறது, பழுப்பில் இருக்கிறது, கால்வாசியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே மஞ்சளில் அடிக்கச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வைகைக்கரை:
மைத்துனரிடம் காட்டினேன். ‘3% என்று போட்டிருக்கிறது, வேறென்ன வேண்டும்’ என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு அந்தக் கடைக்குத்தான் போகிறாராம்.

தேன்மொழி:
பில்லைப் பார்த்துவிட்டேன் அண்ணா. ஒரே எடைதான் போட்டிருக்கிறது. இனி என்ன செய்வது?