கடை வாடகை ரொம்ப ஏத்துறாங்க, ஓனருக்கு லெட்டர் எப்படி எழுதறது? அவசரம்

ஜெராக்ஸ்கடை_உடுமலை:
வணக்கம்ங்க. கடை அக்ரிமெண்ட் இந்த மாசத்தோட முடியுது. ஓனர் திடீர்னு 20,000 குடு இல்லன்னா வேற ஆள் ரெடியா இருக்காங்கன்னு சொல்றாரு. நேர்ல பேசுனா சத்தம் தான் வருது, அதனால லெட்டரா குடுத்துடலாம்னு மகன் சொல்றான். யாராச்சும் ஃபார்மேட் இருந்தா போடுங்க, நாளைக்கே குடுக்கணும்.

கோவை_சரவணன்:
இப்ப எவ்ளோ வாடகை குடுக்கறீங்க, அத சொல்லாம 20,000 அதிகமா கம்மியான்னு எப்படிங்க சொல்றது?

பழைய_மெம்பர்:
இங்க வாரத்துக்கு ஒருத்தர் ஃபார்மேட் கேட்டு வர்றாங்க. லெட்டர் என்ன லீவ் லெட்டரா, பேர மாத்தி குடுக்க. வாடகை, அட்வான்ஸ், எத்தன வருஷம், அக்ரிமெண்ட்ல உயர்வு பத்தி என்ன எழுதியிருக்கு. இந்த நாலையும் எழுதுங்க, அப்புறம் பேசலாம்.

நெல்லை_தம்பி:
பயப்படாதீங்க அண்ணா, ரெண்ட் கண்ட்ரோல் சட்டம் இருக்கு, கோர்ட்டுக்கு போனா நியாய வாடகை ஃபிக்ஸ் பண்ணி குடுப்பாங்க, ஓனர் உங்கள அசைக்க முடியாது. எங்க மாமா கடை அப்படித்தான் இருபது வருஷமா ஓடுது.

பத்திரம்_முருகேசன்:
தம்பி, உங்க மாமா காலத்து 1960 சட்டம் இப்ப இல்ல. 2017ல வந்த புது வாடகை சட்டம் 2019 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு. இப்ப அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்கோ அதான் பேச்சு. காலம் முடிஞ்சப்புறம் காலி பண்ணாம உக்காந்தா ரெட்டிப்பு வாடகை கேக்கவும் அந்த சட்டத்துல இடம் இருக்கு. அதனால அவர தைரியப்படுத்தி மாட்டி விடாதீங்க.

ஜெராக்ஸ்கடை_உடுமலை:
மன்னிக்கணும்ங்க அவசரத்துல போட்டுட்டேன். இப்ப 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். மூணு வருஷம் ஆகப்போகுது, 11 மாசம் 11 மாசமா எழுதறது, ரெண்டு தடவ அதே 14,000க்கே எழுதிக்கிட்டோம், ஓனர் கேக்கல நானும் ஏத்தல. தாலுகா ஆபீஸ் எதிர்ல கடை, 180 சதுரடி. வாடகை ஒரு தடவ கூட லேட் பண்ணல, எல்லாம் அக்கவுண்ட்ல தான் போடுறேன். அக்ரிமெண்ட இப்ப தான் எடுத்து பாத்தேன், "ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் வாடகை ஐந்து சதவீதம் உயர்த்தப்படும்"னு இருக்குங்க.

கோவை_சரவணன்:
அட இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! அஞ்சு சதவீதம்னா 14,700 தான். 14,700க்கு மேல ஒத்தை ரூபா குடுக்காதீங்க, அத எழுதி நீட்டுங்க.

பத்திரம்_முருகேசன்:
சரவணன் சொல்றது பாதி தான் சரி. அந்த வரி புதுப்பிச்சா எவ்ளோ ஏத்தலாம்னு சொல்லுது, புதுப்பிச்சே ஆகணும்னு சொல்லல. ஓனர் "நான் புதுப்பிக்கல, காலி பண்ணு"ன்னா அங்க முடிஞ்சுது. தாலுகா ஆபீஸ் கும்பல நம்பி கடை வச்சிருக்கறவர் நாலு தெரு தள்ளிப் போனா பாதி வியாபாரம் போயிரும், அது ஓனருக்கும் தெரியும்.

அதனால ஓனர் பக்கம் இருந்து கணக்கு போட்டு பாருங்க. ஒழுங்கா ஒவ்வொரு தடவையும் அஞ்சு ஏத்தியிருந்தா 14,700, அப்புறம் 15,435, இப்ப வரப்போறது 16,207. "ரெண்டு தடவ விட்டுக் குடுத்தேன்"னு அவர் சொன்னா அதுல நியாயம் இருக்கு. ஆனா அவர் கேக்கறது கிட்டத்தட்ட 43 சதவீதம், விட்டத எல்லாம் சேத்தாலும் அவ்ளோ வராது. பேச வேண்டிய எடம் 14,700க்கும் 16,207க்கும் நடுவுல. லெட்டர்ல 15,500னு ஆரம்பிங்க, மனசுக்குள்ள 16,200 வரைக்கும் வச்சுக்குங்க.

ஓனர் 20,000க்கு என்ன காரணம் சொன்னாரு?

ஜெராக்ஸ்கடை_உடுமலை:
சொத்து வரி ஏறிடுச்சாம், பக்கத்துல ஏடிஎம்முக்கு விட்டவங்க நெறய வாங்கறாங்களாம்.

பத்திரம்_முருகேசன்:
சொத்து வரி ரசீத காட்டச் சொல்லுங்க, மரியாதையா. அரை வருஷத்துக்கு மூவாயிரம் ஏறியிருந்தா கூட மாசத்துக்கு 500 தான், உங்க கடைக்கு மட்டும்னா இன்னும் கம்மி. ஏடிஎம் கணக்கே வேற, அத விட்டுட்டு அதே வரிசைல உங்கள மாதிரி சின்ன கடை ரெண்டு என்ன குடுக்குதுன்னு விசாரிங்க.

மதுரை_கோயில்கடை:
எங்க கடை அறநிலையத்துறை இடம், எங்களுக்கும் ஏத்திட்டாங்க, யார்கிட்ட மனு குடுக்கணும்?

பழைய_மெம்பர்:
அது தனி விஷயம், தனி இழை போடுங்க. ஜெராக்ஸ்காரர் ஒண்ண மறக்காதீங்க, ஜிஎஸ்டி நம்பர் வச்சிருந்தா வாடகை மேல 18 சதவீதம் நீங்களே கட்டணும், ஓனருக்கு நம்பர் இல்லன்னாலும். 2024 அக்டோபர் 10லருந்து அப்படித்தான்.

திருப்பூர்_கணக்கு:
எல்லாருக்கும் இல்லையே. காம்போசிஷன்ல இருக்கறவங்கள 2025 ஜனவரில எடுத்துட்டாங்க.

பழைய_மெம்பர்:
நான் ரெகுலர் நம்பர பத்தி சொன்னேன்.

திருப்பூர்_கணக்கு:
நீங்க "நம்பர் வச்சிருந்தா"ன்னு தான் எழுதியிருக்கீங்க, மேல போய் படிங்க. ரெகுலர்ல இருந்தாலும் கட்டுனத இன்புட்ல எடுத்துக்கலாம், அதையும் சொல்லாம ஆள பயமுறுத்தறீங்க.

ஜெராக்ஸ்கடை_உடுமலை:
எனக்கு ஜிஎஸ்டியே இல்லீங்க. லெட்டர் மட்டும்…

பத்திரம்_முருகேசன்:
இந்தாங்க. உங்க விவரத்த போட்டு, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து வாங்குங்க. போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆன ஆதாரம் கிடைக்கற மாதிரி அனுப்புங்க.

"ஐயா, தங்கள் கட்டடத்தில் மூன்று ஆண்டுகளாகக் கடை நடத்தி வருகிறேன். வாடகையை ஒவ்வொரு மாதமும் தவறாமல் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளேன். வரும் புதுப்பித்தலுக்கு ரூ.20,000 கேட்டுள்ளீர்கள். நமது ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும்போது ஐந்து சதவீத உயர்வு என்று உள்ளது. கடந்த இரண்டு முறை தாங்கள் உயர்த்தாததையும் மனதில் கொண்டு, ரூ.15,500 தர விரும்புகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒரே ஒப்பந்தமாக எழுதி, ஆண்டுக்கு ஐந்து சதவீதம் உயர்த்தவும் சம்மதிக்கிறேன். பதிவுச் செலவை நான் ஏற்கிறேன். தொடர்ந்து இங்கேயே கடை நடத்த விரும்புகிறேன். நேரில் பேச ஒரு நாள் சொல்லுங்கள்."

"தர முடியாது", "காலி செய்கிறேன்", "வழக்கு" இந்த வார்த்தை எதுவும் வேண்டாம். வியாபாரம் டல்லுன்னு அழவும் வேண்டாம், அப்ப வாடகை குடுக்க மாட்டான்னு ஓனர் நெனச்சு வேற ஆள பாப்பாரு. ஒரு வருஷத்துக்கு மேல போனா சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும், அதனால தான் செலவ நீங்க ஏத்துக்கறதா எழுதியிருக்கேன்.

நெல்லை_தம்பி:
மூணு வருஷம் எழுதுனா அவர் சம்மதிப்பாரா? எங்க ஊர்ல 11 மாசத்துக்கு மேல யாரும் போட மாட்டாங்க.

கட்டட_ஓனர்_ஈரோடு:
நான் ஓனர் பக்கம். எனக்கு 15,500னு லெட்டர் வந்தா 17,000னு திருப்பி சொல்லுவேன், 14,700னு வந்தா பதிலே சொல்ல மாட்டேன். மூணு வருஷம் போட மாட்டேன், பையனுக்கு கடை வேணும்னா என்ன பண்றது? அதுக்கு பதிலா அட்வான்ஸ ஏத்தி குடுத்தா யோசிப்பேன்.

கோவை_சரவணன்:
அட்வான்ஸ் ஏத்தறதும் வாடகை தானே! ஒரு லட்சம் கூட குடுத்தா பேங்க்ல ஏழு சதவீதத்துக்கு போட்டாலே மாசம் 580 ரூபா வரும், அது ஓனருக்கு போகுது.

கட்டட_ஓனர்_ஈரோடு:
ஆமா, ஆனா காலி பண்றப்ப திரும்பி வருதுல்ல. வாடகை திரும்பி வராது.

பழைய_மெம்பர்:
திரும்பி வருதாம். எத்தன பேருக்கு வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க.

ஜெராக்ஸ்கடை_உடுமலை:
லெட்டர் குடுத்துட்டேன், கையெழுத்து போட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு கூப்ட்டு 17,000ன்னாரு, வரிசைல ரெண்டு கடை 16,000, 16,300 தான் குடுக்கறாங்கன்னு சொன்னேன், ரசீதும் கேட்டேன், ரசீது பத்தி பேச்சே எடுக்கல. கடைசியா 16,500, அட்வான்ஸ் 50,000 கூட. ஆனா 11 மாசம் தானாம். நன்றிங்க எல்லாருக்கும்.

பத்திரம்_முருகேசன்:
கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த அஞ்சு சதவீத வரி புது அக்ரிமெண்ட்லயும் இருக்கான்னு பாருங்க, சத்தமில்லாம எடுத்துருவாங்க. அட்வான்ஸ் 1,50,000னு மொத்தமா எழுதியிருக்கணும். பணத்த அக்கவுண்ட்ல போடுங்க.

மதுரை_கோயில்கடை:
கோயில் கடைக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா.