த்ராட்டில் கன்ட்ரோலர் மாட்டியும் ஓவர்டேக்குல வண்டி இழுக்கல, ஏன்?

பள்ளத்தூர்க்காரன்:
அப்பச்சியோட டர்போ டீசல் கார், மேனுவல் கியர், 90,000 கிலோமீட்டர் தாண்டிருச்சு. கொஞ்ச நாளா மந்தமா இருக்குன்னு பெடல் சாக்கெட்ல சொருகுற கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கி மாட்டினேன். காரைக்குடி டவுனுக்குள்ள ஸ்போர்ட் மோடுல போட்டா பறக்குது, லேசா கால் வச்சாலே போதும். ஆனா திருச்சி ரோட்ல லாரிய தாண்டப் போறப்ப முழுசா மிதிச்சாலும் பழைய கதைதான், நேத்து பாதி தாண்டிட்டு எதுக்க பஸ் வந்து திரும்பப் பின்னாடி வந்துட்டேன், அப்பச்சி பக்கத்துல இருந்தாரு, கையெல்லாம் நடுங்கிருச்சு. பொருள் டூப்ளிகேட்டா, நான் மாட்டுனது தப்பா?

கோட்டையூர் ரைடர்:
தம்பி, 9 லெவல்ல வச்சுப் பாரு. அந்த டப்பா டீசல கூட அடிக்க வைக்கும், என் வண்டியில பவர் ஏறிருக்கு, மைலேஜும் குறைஞ்சிருக்கு, அதுவே சாட்சி.

தேவகோட்டை டீசல்:
கோட்டையூர் தம்பி சொல்றதுல மைலேஜ் குறையுறது நெசம், காரணம்தான் வேற. பெடலுக்கும் இஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, பெடல் அனுப்புற வோல்ட்டேஜ அது மாத்திச் சொல்லுது, அவ்வளவுதான் வேலை. நீங்க கால்வாசி மிதிச்சா, பாதி மிதிச்சிருக்காருன்னு சொல்லும். அதனால நமக்கே தெரியாம எப்பவும் கூட மிதிச்சு ஓட்டுறோம், டீசல் போகுது. ஆனா முழுசா மிதிச்சதுக்கு மேல சொல்றதுக்கு என்ன இருக்கு? அங்க டப்பா இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். எவ்வளவு டீசல் அடிக்கணும், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கணும்ங்கிற கணக்கெல்லாம் ஈசியூக்குள்ள அப்படியேதான் இருக்கு.

பள்ளத்தூர் தம்பி, உங்க பொருள்ல கோளாறு இருக்குற மாதிரி தெரியல. ஓபிடி ப்ளூடூத் டாங்கிள் இருந்தா மாட்டி, இஞ்சின ஓட விடாம சாவிய மட்டும் ஆன் பண்ணி, `Accelerator pedal position D` பாருங்க. பாதி மிதி, முழு மிதி, ரெண்டையும் டப்பா ஆஃப்லயும் ஸ்போர்ட்லயும் குறிச்சுக்குங்க. அப்புறம் விடியக்காலைல காலி ரோட்ல மூணாவது கியர்ல 40ல இருந்து 80 வரைக்கும் முழுசா மிதிச்சு டைம் எடுங்க. பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு `Intake manifold pressure` பாக்கச் சொல்லுங்க, ஓட்டுறவர் ரோட்ட மட்டும் பாக்கட்டும்.

கானாடுகாத்தான் ஆச்சி மகன்:
நம்மது ஆட்டோமேட்டிக், ஸ்போர்ட்ல போட்டதுலருந்து கியர் மேல ஏறவே மாட்டேங்குது, இரைஞ்சுக்கிட்டே ஓடுது. இதுவும் அதே பிரச்சனையாண்ணே?

தேவகோட்டை டீசல்:
அது வேறங்க. கியர் பாக்ஸும் அதே பெடல் சிக்னல வச்சுத்தான் முடிவு எடுக்குது, நீங்க அவசரமாப் போறீங்கன்னு நினைச்சுக் கியர பிடிச்சு வைக்குது. லெவல குறைங்க.

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணே, பாத்துட்டேன். பாதி மிதிக்கு ஆஃப்ல 46, ஸ்போர்ட்ல 65. முழு மிதிக்கு ரெண்டுலயும் 79தான், 100 வரவே இல்ல, அதான் கோளாறோ? 40-80க்கு ஆஃப்ல 11.2 செகண்ட், ஸ்போர்ட்ல 11.1. பிரஷர் 140 kPaவத் தாண்டல.

தேவகோட்டை டீசல்:
79 பத்திக் கவலப்படாதீங்க, அந்த எண்ணு சென்சார் வோல்ட்டேஜத்தான் காட்டுது, நிறைய வண்டியில முழு மிதிக்கே 80 கிட்டதான் நிக்கும். 140தான் விஷயம். வெளிக்காத்தே 100 இருக்கு, அப்ப டர்போ கொடுக்குறது வெறும் 40. நல்லா இருக்குற டர்போ டீசல் முழு மிதியில பொதுவா 200ஐத் தாண்டணும். காத்து பத்தாதப்ப புகை வரக்கூடாதுன்னு ஈசியூவே டீசலக் குறைச்சிரும், பெடல் என்ன கேட்டாலும் கொடுக்காது. டர்போ காத்து போற இன்டர்கூலர் ஹோஸ கையால தடவிப் பாருங்க, எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பியிருந்தா அங்கதான் ஓட்டை. ஏர் ஃபில்டரையும் கழட்டிப் பாத்துருங்க.

பள்ளத்தூர்க்காரன்:
சரியாப் புடிச்சீங்கண்ணே. கீழ்ப்பக்க ஹோஸ்ல கிளாம்ப் ஓரத்துல விரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு, சுத்தி கரி மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு. இழுத்துப் பிடிச்சாத்தான் வாய் திறக்குது, அதான் சர்வீஸ்ல கண்ல படலன்னு நினைக்கிறேன். புதுசு மாத்தி ஓட்டினேன், பிரஷர் 215, டப்பா ஆஃப்லயே 8.3 செகண்ட். ரெண்டு மாசமா டவுன்ல சுறுசுறுப்பா இருக்கவும் வண்டி நல்லாருக்குன்னே இருந்துட்டேன், இது தெரியாமலே போயிருக்கும்.

டப்பாவ கழட்டிரவா? இன்னொண்ணு, ஒருதடவ செக் இஞ்சின் லைட் எரிஞ்சு வண்டி சுத்தமா வேகம் எடுக்கல, சாவி ஆஃப் பண்ணிப் போட்டதும் சரியாச்சு. கோடு `P2138`.

தேவகோட்டை டீசல்:
பெடல்ல ரெண்டு சென்சார் இருக்கு, பல வண்டியில ஒண்ணோட வோல்ட்டேஜ் இன்னொண்ணுல பாதி. ரெண்டும் பொருந்தலன்னா ஈசியூ நம்பாது, இஞ்சின அடக்கி வச்சிரும், அந்தக் கோடு அதுதான். சாக்கெட் 'டக்'னு பூட்டியிருக்கான்னு பாருங்க. கழட்டுறதுன்னா சாவிய எடுத்து வண்டியப் பூட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறம் கழட்டுங்க. டப்பா இல்லாமலும் அந்தக் கோடு வந்தா பெடல் சென்சாரையே சந்தேகப்படணும்.

கோட்டையூர் ரைடர்:
இருந்தாலும் எனக்கு மேட்டுல வித்தியாசம் தெரியுதுண்ணே, நானும் டைம் எடுத்துப் பாக்குறேன்.

பள்ளத்தூர்க்காரன்:
இன்னைக்குக் கழட்டிட்டேன். ஏசி போட்டுட்டு ரெண்டாவது கியர்ல ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குறப்ப மட்டும் இன்னும் ஒரு குலுக்கல் இருக்கு, அது டப்பா வாங்குறதுக்கு முன்னாடியே இருந்ததுதான். `P2138` திரும்ப வருதான்னு ஒரு வாரம் ஓட்டிட்டு வந்து சொல்றேன்ணே.